காது மந்தமான அப்பா அம்மாவுக்கு வயர்லெஸ் டிவி ஹெட்செட்: ரேடியோவா, ஐஆரா, புளூடூத்தா?

அப்பா டிவி சத்தத்தை 60-க்கு மேல வச்சுத்தான் கேட்கிறார். அப்படியும் பேசறது புரியலைங்கிறார். ஹெட்செட் மாட்டினா மட்டும் புரிஞ்சிடுமா?

பெரும்பாலும் நன்றாகவே புரியும். ஏன் என்று தெரிந்துகொண்டால் எதை வாங்குவது என்பதும் பாதி தெளிவாகிவிடும்.

வயதால் வரும் காது மந்தத்தில் எல்லாச் சத்தமும் ஒரே அளவில் குறைவதில்லை. மேல் சுருதி ஒலிகள்தான் முதலில் போகின்றன. அ, ஆ, ஓ போன்ற உயிரொலிகள் கீழ்ச் சுருதியில் பலமாக இருப்பதால் காதில் விழுந்துவிடும். ச, த, க, ட என்று ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரித்துக் காட்டும் மெல்லிய ஒலி விழாது. 'காசு' என்றாலும் 'காது' என்றாலும் அவருக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். "சத்தம் கேட்குது, என்ன சொல்றான்னு தெரியலை" என்று அவர் சொல்வது பிடிவாதம் அல்ல, நடப்பதையே சொல்கிறார். வால்யூமை ஏற்றினால் ஏற்கெனவே கேட்கிற உயிரொலியும் கூடவே ஏறி அந்த மெல்லிய ஒலியை அமுக்குகிறது.

இதற்கு மேல் அறையும் கெடுக்கிறது. இப்போதைய மெல்லிய டிவிகளில் ஸ்பீக்கர் பின்பக்கமோ கீழ்ப்பக்கமோ பார்த்திருக்கும். சத்தம் சுவரிலும் தரையிலும் மோதி, மின்விசிறி இரைச்சலோடும் குக்கர் விசிலோடும் கலந்துதான் அவரிடம் வருகிறது. ஸ்பீக்கரிலிருந்து நேராக வரும் சத்தம், தூரம் இரட்டிப்பானால் 6 டெசிபல் குறையும். எதிரொலியும் விசிறிச் சத்தமும் அப்படிக் குறைவதில்லை. ஆகவே 12 அடி தள்ளி உட்காருகிறவருக்குப் பேச்சைவிட இரைச்சலே தூக்கலாக இருக்கும். ஹெட்செட் அந்த 12 அடியை எடுத்துவிடுகிறது. பேச்சு இரைச்சலுக்கு மேலே எழுந்து நிற்பதால் புரிகிறது.

ஒரு எல்லை உண்டு. சீரியலில் வசனத்தோடு சேர்த்தே பதிவான பின்னணி இசையை எந்த ஹெட்செட்டும் பிரித்துத் தராது. செய்தி, சொற்பொழிவு, கிரிக்கெட் வர்ணனை இவற்றில்தான் முதல் நாளே வித்தியாசம் தெரியும்.

வாங்கறதுக்கு முன்னாடி டாக்டரைப் பார்க்கணுமா?

ஒருமுறை பார்த்துவிடுங்கள். காதில் குறும்பி அடைத்திருந்தாலே பாதி மந்தம் வரும், எடுத்தால் சரியாகிவிடும். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற அரசு மருத்துவமனைகளிலேயே காது மூக்கு தொண்டைப் பிரிவு இருக்கிறது. கேட்புத் திறன் பரிசோதனைத் தாளைக் கையோடு வாங்கிவையுங்கள். எந்தக் காது எவ்வளவு குறைவு என்பது பிறகு ஹெட்செட்டில் இடது-வலது அளவை வைக்க உதவும்.

ஒரே காதில் மட்டும் மந்தம், சீழ் வடிவது, தலைச்சுற்றல் இவை இருந்தால் ஹெட்செட் யோசனையைத் தள்ளிவைத்துவிட்டு முதலில் மருத்துவரிடம் போங்கள். ஓரிரு நாளில் திடீரென்று கேட்காமல் போனால் அன்றைக்கே போக வேண்டும். அதற்கான சிகிச்சை நாள் கடந்தால் பலன் தராது.

கடையில ரேடியோ, ஐஆர், புளூடூத்னு மூணு சொல்றாங்க. மூணும் வயர் இல்லாததுதானே, என்ன வித்தியாசம்?

டிவியிலிருந்து காதுக்குச் சத்தம் எதில் ஏறி வருகிறது என்பதுதான் வித்தியாசம்.

ஐஆர் என்பது கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம். உங்கள் டிவி ரிமோட் வேலை செய்கிற அதே அகச்சிவப்பு ஒளிதான். டிவி பக்கத்தில் வைக்கும் டிரான்ஸ்மிட்டர் அந்த ஒளியை அறை முழுக்கப் பரப்பும், ஹெட்செட்டில் இருக்கும் சின்னக் கண் அதைப் பிடிக்கும். வெளிச்சம் சுவரைத் தாண்டாது. தாமதம் என்பதே கிடையாது.

ரேடியோ என்பது அலை. சுவரைத் தாண்டும். அப்பா கூடத்திலிருந்து எழுந்து அடுக்களைக்குப் போனாலும் செய்தி காதில் தொடரும். இதில் பழைய அனலாக் வகையும் உண்டு, 2.4 கிகாஹெர்ட்ஸில் ஓடும் டிஜிட்டல் வகையும் உண்டு. டிவிக்கென்றே செய்த டிஜிட்டல் செட்டில் சிறு தாமதம் இருந்தாலும் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு இராது.

புளூடூத்தும் அதே 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ அலைதான். ஆனால் எந்தக் கம்பெனிப் பொருளும் எதனோடும் சேர வேண்டும் என்பதற்காக வகுத்த பொது முறை. அந்த வசதிக்கு விலையாகத் தாமதம் வருகிறது.

பையனோட புளூடூத் இயர்போன் சும்மா கிடக்கு, டிவியிலயும் புளூடூத் இருக்கு. அது போதாதா?

நானும் அங்கேதான் ஆரம்பித்தேன். கும்பகோணத்தில் டிவி பழுது பார்க்கிற வேலை எனக்கு. அப்பா திருவையாறு பக்கத்தில் கிராமத்தில் இருக்கிறார், வயது 81. கையில் ஒரு புளூடூத் ஹெட்போன் இருந்தது, அதை இணைத்துக் கொடுத்துவிட்டு வந்தேன். மூன்றாம் நாள் போனில், "ஆள் வாயை மூடின பிறகு பேச்சு வருது, எனக்குத் தலை வலிக்குது" என்றார்.

புளூடூத் சத்தத்தைச் சுருக்கி, பொட்டலம் பொட்டலமாகக் கட்டி அனுப்புகிறது. ஹெட்போன் அதை வாங்கி, இடையில் அறுந்துவிடக் கூடாது என்று கொஞ்சம் சேர்த்து வைத்துக்கொண்டு, பிறகு பிரித்து ஒலிக்கிறது. எஸ்பிசி என்ற வழக்கமான சுருக்கும் முறையில் இதற்கு 150 முதல் 250 மில்லி விநாடி ஆகிவிடும். படத்துக்குப் பின்னால் சத்தம் சுமார் 125 மில்லி விநாடி பிந்தினாலே பார்ப்பவர் கவனிக்கத் தொடங்குவார், 185-ஐத் தாண்டினால் பொறுக்க முடியாது என்று பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஒளிபரப்புப் பரிந்துரை சொல்கிறது. புளூடூத் சரியாக அந்த எல்லையில்தான் வந்து நிற்கிறது.

காது நன்றாகக் கேட்கிறவர் இதைப் பொறுத்துக்கொள்வார். காது மந்தமானவர் தமக்கே தெரியாமல் உதட்டைப் பார்த்துத்தான் விட்டுப்போன எழுத்தை நிரப்பிக்கொள்கிறார். உதடு ஒன்றும் காது ஒன்றும் சொன்னால் அந்தத் துணையும் போய்விடும். அதனால்தான் தாமதத்தை நான் இவ்வளவு பெரிதாகப் பேசுகிறேன்.

சோதிக்க ஒரு எளிய வழி இருக்கிறது. செய்தி வாசிப்பவரின் வாயைப் பாருங்கள். ம, ப இரண்டுக்கும் உதடு ஒட்டியாக வேண்டும். 'அம்மா', 'அப்பா', 'தமிழ்நாடு' என்று வரும்போது உதடு ஒட்டுவதும் ஒலி விழுவதும் ஒன்றாக நடந்தால் சரி. உதடு பிரிந்த பிறகு 'ம்' கேட்டால் தாமதம் இருக்கிறது. கச்சேரி என்றால் மிருதங்கத்தில் கை விழுவதைப் பாருங்கள், இன்னும் சுலபமாகத் தெரியும்.

"போன்ல யூடியூப் பார்க்கும்போது இதே இயர்போன் சரியா இருக்கே" என்று பலர் கேட்கிறார்கள். போன் தன் படத்தையே அந்த அளவுக்குப் பிந்த வைத்துச் சரிக்கட்டுகிறது. எல்லா டிவியும் அப்படிச் செய்வதில்லை. டிவி மெனுவில் சத்தத்தைப் பிந்த வைக்கும் அமைப்பு இருக்கும். ஏற்கெனவே பிந்தி வருகிற சத்தத்துக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

புளூடூத்தையே பயன்படுத்த வேண்டுமென்றால், ஆப்ட்-எக்ஸ் லோ லேட்டன்சி என்ற முறை உண்டு. தாமதம் சுமார் 40 மில்லி விநாடிதான். ஆனால் அனுப்பும் பெட்டியிலும் ஹெட்போனிலும் இரண்டிலும் அது இருக்க வேண்டும். ஒன்றில் இல்லாவிட்டால் சொல்லாமல் கொள்ளாமல் எஸ்பிசிக்கு இறங்கிவிடும். டிரான்ஸ்மிட்டர் அட்டைப்பெட்டியில் போட்டிருக்கிறது என்று வாங்கிவந்து, பழைய இயர்போனோடு சேர்த்துவிட்டு ஏமாந்தவர்கள் நிறைய.

இன்னொன்றும் உண்டு. பல டிவிகளில் புளூடூத் இணைந்ததும் டிவி ஸ்பீக்கர் ஊமையாகிவிடும். அப்பா கேட்பார், அம்மா படத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பார். ஒலி மெனுவில் இரண்டும் சேர்ந்து ஒலிக்கும் தேர்வு இருக்கிறதா என்று வாங்குவதற்கு முன்பே உங்கள் டிவியில் தேடிப்பாருங்கள்.

ஐஆர் செட் வாங்கினோம். சாயங்காலம் அருமையா இருக்கு, பகல்ல கரகரங்குது. செட் கெட்டுப்போச்சா?

கெட்டிருக்காது. உங்கள் வீட்டில் முற்றம் இருக்கிறதா என்று பாருங்கள்.

எங்கள் வீட்டில் நடந்ததும் இதுதான். புளூடூத்தை எடுத்துவிட்டு இரண்டாவதாக ஐஆர் செட் வைத்தேன். திண்ணை, ரேழி தாண்டினால் கூடம், கூடத்தின் நடுவே வானம் பார்த்த முற்றம். நம் பக்கத்துப் பழைய வீடுகள் எல்லாம் அந்த அமைப்புதான். சாயங்காலம் வைத்துக் கேட்டபோது வயர் போட்டதுபோல அவ்வளவு சுத்தம், உதட்டோடு அட்சரம் பிசகாமல் சத்தம். மறுநாள் 11 மணிக்கு மேல் முற்றத்தில் வெயில் இறங்கியதும் கரகரப்பு. உச்சி வெயிலில் அறுந்து அறுந்து வந்தது. 4 மணிக்கு மேல் தானாகவே சரியாயிற்று.

வெயிலிலும் அகச்சிவப்பு ஒளி இருக்கிறது, டிரான்ஸ்மிட்டர் அனுப்புவதைவிடப் பல மடங்கு அதிகமாகவே. அது ஹெட்செட்டின் கண்ணில் விழுந்தால் டிரான்ஸ்மிட்டரின் மெல்லிய ஒளி அதில் மூழ்கிவிடும். பட்டப்பகலில் டார்ச் அடிப்பது போலத்தான். பழைய குண்டு பல்பும் கொஞ்சம் இந்தத் தொல்லை தரும். எல்இடி பல்பால் பொதுவாகத் தொல்லை இல்லை.

காரணம் வெயில்தானா என்று உறுதி செய்ய, கரகரக்கும்போது ஹெட்செட்டை எடுத்துக்கொண்டு டிரான்ஸ்மிட்டருக்கு 3 அடிக்குள் வாருங்கள். கரகரப்பு நின்றால் செட் நன்றாகத்தான் இருக்கிறது. டிரான்ஸ்மிட்டர் ஒளியை விடுகிறதா என்று பார்க்க, செல்போன் கேமராவை அதன் முகத்துக்கு நேரே காட்டுங்கள். திரையில் ஊதா நிறத்தில் புள்ளிகள் ஒளிரும். பின்பக்கக் கேமராவில் தெரியாவிட்டால் செல்ஃபி கேமராவில் பாருங்கள், சில போன்களில் பின்கேமரா இந்த ஒளியை வடிகட்டிவிடும்.

நாற்காலியைத் திருப்பி, முற்றம் அவருக்கு முதுகுப் பக்கம் வரும்படி வைத்தால் பாதி சரியாகும். முற்றத்துப் பக்கம் மூங்கில் தட்டி இறக்கினால் இன்னும் கொஞ்சம் சரியாகும். டிரான்ஸ்மிட்டரை டிவிக்கு அடியில் வைக்காமல், உட்கார்ந்தவரின் தலை உயரத்துக்கு மேலே, அவரைப் பார்த்து வையுங்கள். நடுவே ஆள் நடந்தால் அறுபடுவதும் அதில் நிற்கும்.

தாடைக்குக் கீழே தொங்கும் வகை என்றால் அதன் கண் மார்பு அருகே இருக்கும். அப்பா தோளில் போட்ட துண்டு முன்னால் சரிந்து அதை மூடிவிடும், சத்தம் பட்டென்று நிற்கும். எங்கள் வீட்டில் முதல் வாரம் முழுக்க இதற்கு நான் வயரைச் சோதித்துக்கொண்டிருந்தேன். அம்மாமார்களுக்கு முந்தானை.

முற்றம் இல்லாத, ஜன்னலுக்குத் திரை போட்ட, டிவியும் கட்டிலும் ஒரே அறையில் இருக்கிற வீட்டுக்கு ஐஆரைத்தான் நான் முதலில் சொல்வேன். தாமதம் இல்லை. இணைப்புச் சடங்கு எதுவும் இல்லை. ஒரே டிரான்ஸ்மிட்டர் ஒளியில் அதே வகை ஹெட்செட் இரண்டு மூன்று கூட வேலை செய்யும். மன்னார்குடியில் என் அத்தை படுக்கையறையில் அதுதான் ஓடுகிறது, ஒரு நாளும் குறை சொன்னதில்லை.

அப்போ ரேடியோ வகைதானா? அமெரிக்காவுல இருக்கிற தங்கச்சி ஒண்ணு வாங்கி அனுப்பறேங்கிறா.

அனுப்புவதற்கு முன் இரண்டு விஷயத்தைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.

முதலாவது, எந்த அலைவரிசை. அங்கே 902 முதல் 928 மெகாஹெர்ட்ஸ் வரை இதுபோன்ற பொருட்களுக்குத் திறந்துவிட்டிருக்கிறார்கள். 900 மெகாஹெர்ட்ஸ் என்று அட்டையில் போட்ட பழைய வகை ஹெட்போன் அதில் ஓடும். அந்த வரிசையில் ஒரு பகுதி இங்கே செல்போன் சேவைக்கு உரியது. சத்தத்தில் இரைச்சல் வரும், உரிமம் இல்லாமல் அதில் அலை பரப்ப அனுமதியும் இல்லை. ஐரோப்பாவில் விற்கும் 863–865 வகையும் அப்படியே, நம் நாட்டில் உரிமம் தேவைப்படாத வரிசை 865-க்கு மேல்தான் தொடங்குகிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் வகை என்றால் கவலையில்லை, அங்கும் இங்கும் பொதுவானது.

இரண்டாவது, அடாப்டர். அதன் மேல் பொடி எழுத்தில் 100-240 வோல்ட் என்று இருந்தால் பிளக் முனைக்கு மட்டும் ஒரு மாற்றி போட்டுப் பயன்படுத்தலாம். 120 வோல்ட் என்று மட்டும் இருந்தால் நம் 230-இல் செருகிய நொடியே புகைந்துவிடும். அப்படிப் புகைந்து என் மேசைக்கு வந்த செட்டுகள் உண்டு. உள்ளூரில் அதே வோல்ட், அதே ஆம்பியர், அதே முனை உள்ள அடாப்டர் வாங்கிவிட்டால் செட்டைக் காப்பாற்றலாம்.

ரேடியோவின் குறையையும் சொல்லிவிட வேண்டும். பெட்டியில் போட்டிருக்கும் 30 மீட்டர், 100 மீட்டர் எல்லாம் வெட்டவெளிக் கணக்கு. நம் பழைய வீட்டுச் சுண்ணாம்புச் சுவர் ஒன்றரை அடி கனம் இருக்கும், இரண்டு சுவர் தாண்டினால் அலை மெலிந்துவிடும். எங்கள் வீட்டில் கூடத்திலும் அடுக்களையிலும் நன்றாகக் கேட்கும், கொல்லையில் கிணற்றடிக்குப் போனால் அறுபடும். வைஃபை பெட்டியை ஒட்டி டிரான்ஸ்மிட்டரை வைத்தால் இடறும், ஐந்தாறு அடி தள்ளிவையுங்கள்.

ஹெட்செட் வயரைச் செருகினதும் டிவி சத்தம் நின்னுடுது. அப்பாவுக்குக் கேட்டா எங்களுக்குக் கேட்கலை.

டிவியின் ஹெட்போன் ஜாக்கில் செருகியிருப்பீர்கள். அதில் எதைச் செருகினாலும் ஸ்பீக்கரை நிறுத்துவதுதான் பல டிவிகளின் வழக்கம். முதலில் ஒலி மெனுவில் ஸ்பீக்கரையும் சேர்த்து ஒலிக்க வழி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் வேறு வாசலில் எடுக்க வேண்டும்.

டிவியின் பின்புறம் OPTICAL என்று எழுதிய, சிறு மூடி போட்ட துளை இருக்கும். எனக்குப் பிடித்தது அதுதான். பெரும்பாலான டிவிகளில் அதில் வரும் சத்தம் ஒரே அளவில் நிற்கும், ரிமோட்டில் வால்யூமைக் கூட்டினாலும் குறைத்தாலும் மாறாது. அம்மா தமக்கு வேண்டிய அளவுக்கு டிவியை வைத்துக்கொள்ளலாம், முழுக்க நிறுத்தினாலும் அப்பாவுக்குக் கேட்கும். கேபிள், யூடியூப், பென்டிரைவ் என்று டிவியில் எது ஓடினாலும் அந்த வழியில் வரும். உங்கள் டிரான்ஸ்மிட்டரில் ஆப்டிகல் வாசல் இல்லையென்றால், நடுவே டிஜிட்டல் சத்தத்தை அனலாக்காக மாற்றும் சின்னக் கன்வெர்ட்டர் பெட்டி ஒன்று போட வேண்டும்.

ஆப்டிகல் இல்லாத டிவி என்றால் செட்-டாப் பாக்ஸுக்குப் போங்கள். பாக்ஸிலிருந்து டிவிக்கு எச்டிஎம்ஐ வயர் போயிருந்தால், பாக்ஸின் பின்னால் சிவப்பு, வெள்ளை, மஞ்சள் ஏவி வாசல் சும்மா இருக்கும். சில பெட்டிகளில் அதற்குப் பதில் ஒரே ஓட்டையும் தனி வயரும் இருக்கும். எச்டிஎம்ஐ ஓடும்போதே ஏவியிலும் சத்தம் வருகிற பெட்டிகள்தான் அதிகம். சிவப்பையும் வெள்ளையையும் மட்டும் டிரான்ஸ்மிட்டருக்குக் கொடுங்கள், மஞ்சள் படத்துக்கானது, அது வேண்டாம். பிறகு பாக்ஸ் ரிமோட்டில் வால்யூமை முக்கால் பங்குக்கு மேல் வைத்து அப்படியே விட்டுவிடுங்கள். வீட்டுச் சத்தத்தை டிவி ரிமோட்டில்தான் கூட்டிக் குறைக்க வேண்டும். இதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவைக்காவிட்டால், யாரோ பாக்ஸ் ரிமோட்டில் குறைப்பார்கள், அப்பாவின் ஹெட்செட்டும் சேர்ந்து குறையும். இந்த வழியில் கேபிள் சத்தம் மட்டும்தான் வரும், டிவியில் நேராக ஓடும் யூடியூப் வராது.

ஆப்டிகல் வயர்தான் போட்டேன். சிவப்பு வெளிச்சம்கூடத் தெரியுது, ஆனா சத்தமே இல்லை.

டிவி சத்தத்தை டால்பி முறையில் அனுப்புகிறது, சின்ன டிரான்ஸ்மிட்டருக்கு அந்த மொழி தெரியாது. டிவி அமைப்பில் ஒலிப் பக்கம் போய் `Digital Audio Out` அல்லது அதுபோன்ற பெயருள்ள இடத்தில் `Auto` அல்லது `Dolby Digital` என்று இருப்பதை `PCM` என்று மாற்றுங்கள். அந்த நொடியே சத்தம் வரும். ஒரு சேனலில் வந்து இன்னொன்றில் வராமல் இருந்தாலும் காரணம் இதுதான்.

அம்மா காது மெஷின் போட்டிருக்காங்க. அதுக்கு மேலேயே ஹெட்செட் மாட்டலாமா?

காதுக்குப் பின்னால் மாட்டும் மெஷின் என்றால் ஹெட்போன் குவளை அதை அழுத்தும், 'கீய்' என்று விசில் அடிக்கும். மெஷினின் மைக் காதுக்கு மேலே இருப்பதால் ஹெட்போன் சத்தம் அதில் சரியாக விழுவதும் இல்லை. டிவி பார்க்கும் நேரத்துக்கு மெஷினைக் கழற்றிவிட்டு ஹெட்செட் மாட்டிக்கொள்ளலாம், மந்தம் நடுத்தர அளவுக்குள் இருந்தால் இது போதும். மந்தம் அதிகம் என்றால் மெஷின் கொடுத்தவரிடம், அதே கம்பெனியின் டிவி இணைப்புப் பெட்டி கிடைக்குமா என்று கேளுங்கள். அது டிவி சத்தத்தை நேராக மெஷினுக்கே அனுப்பும், மெஷின் அவர் காதுக்கு ஏற்றபடி கூட்டித் தரும். மெஷினில் டி என்ற நிலை, அதாவது காந்த அலையாக வரும் சத்தத்தைப் பிடிக்கும் டெலிகாயில், இருந்தால் கழுத்தில் போடும் வளையத்தோடு வரும் ரிசீவரும் பயன்படும்.

காதை மூடற ஹெட்போன் நல்லதா, டாக்டர் ஸ்டெதஸ்கோப் மாதிரி தொங்கறது நல்லதா?

சித்திரை வைகாசி வெயிலில் காதை மூடும் குவளைக்குள் வியர்த்துக் கொட்டும், எண்ணெய் தேய்த்த தலையால் மெத்தை சீக்கிரம் உரியும். ஆனால் ஐப்பசி மழை தகரக் கூரையில் அடிக்கும்போது வெளிச் சத்தத்தைத் தடுப்பது மூடும் வகைதான். தொங்கும் வகை லேசானது, கண்ணாடி போட்டவருக்கும் இடைஞ்சல் இல்லை. சீழ் வடியும் காதுக்கும் செவிப்பறையில் ஓட்டை இருப்பவருக்கும் அந்த வகை வேண்டாம், முனை காதுக்குள் போகிறது. இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர் எந்த ஹெட்செட்டையும் மார்பின் மேல் வைக்கக் கூடாது, சட்டைப் பையிலும் போடக் கூடாது. ஸ்பீக்கரில் காந்தம் இருக்கிறது, 15 சென்டிமீட்டராவது தள்ளியிருக்க வேண்டும்.

சத்தம் எவ்வளவு வைக்கலாம்? இருக்கிற காதும் போயிடாதா?

பயம் நியாயமானது. பெரியவர்களுக்கு 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை. காது மந்தமானவர்களுக்கென்று செய்த ஹெட்செட்டுகள் அதைவிட வெகு உயரம் போகக்கூடியவை. அதிலும் மந்தமான காது ஒரு அளவுவரை கேட்காது, அதற்கு மேல் சட்டென்று வலிக்கும்.

ஆகவே எப்போதும் வால்யூமைக் குறைத்துவைத்து மாட்டி, பிறகு மெல்ல ஏற்றுங்கள். செட்டில் ட்ரெபிள் அல்லது டோன் திருகு இருந்தால், வால்யூமுக்கு முன்னால் அதைக் கொஞ்சம் ஏற்றிப் பாருங்கள். போன எழுத்துகள் மேல் சுருதியில்தானே இருந்தன, அதைத் தூக்கினால் குறைந்த சத்தத்திலேயே புரியும். எங்கள் அப்பாவுக்கு ட்ரெபிளை ஏற்றியதும் வால்யூமை மூன்றில் ஒரு பங்கு இறக்க முடிந்தது.

ராத்திரி பூரா ஸ்டாண்டுல வைக்கறோம். காலையில சார்ஜே இல்லை.

படுக்கப் போகும்போது டிவி சுவிட்சைச் சுவரில் அணைக்கிறீர்கள், ஸ்டாண்டும் அதே பிளக்கில் இருக்கிறது. அதற்குத் தனி பிளக் கொடுங்கள். இடி மின்னல் உள்ள நாளில் மட்டும் பிடுங்கிவையுங்கள். வாங்கும்போது, கழற்றி மாற்றக்கூடிய ட்ரிபிள்-ஏ ரீசார்ஜ் பேட்டரி உள்ள செட்டாகப் பாருங்கள். இரண்டு மூன்று வருடத்தில் பேட்டரி தளரும், அப்போது கடையில் வாங்கிப் போட்டுவிடலாம். அதில் சாதாரண, சார்ஜ் ஏறாத பேட்டரியைப் போட்டு ஸ்டாண்டில் வைத்துவிடாதீர்கள், கசிந்து செட்டைக் கெடுத்துவிடும்.

வாங்கிக் குடுத்தும் அப்பா மாட்டிக்க மாட்டேங்கிறார். என்ன செய்யறது?

பல நாள் எங்கள் வீட்டிலும் இதே கதைதான். மூன்றாவதாக வைத்த 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ செட், ஆப்டிகல் வயரில், `PCM` வைத்து, எல்லாம் சரியாக ஓடிக்கொண்டிருந்தது. அது ஸ்டாண்டிலேயே இருந்தது. விசாரித்தபோதுதான் இரண்டு காரணம் தெரிந்தது. ஆன் பட்டனை மூன்று விநாடி அழுத்த வேண்டும், அவர் தொட்டுவிட்டு எடுத்துவிடுகிறார். இன்னொன்று, மாட்டிக்கொண்டால் அம்மா கூப்பிடுவது கேட்பதில்லை, அதற்கு ஒருமுறை கோபித்துக்கொண்டார்களாம்.

பட்டன் மேல் சிவப்பு நகப்பூச்சால் ஒரு பொட்டு வைத்தேன், "பச்சை வெளிச்சம் வர்ற வரைக்கும் விரலை எடுக்காதீங்க அப்பா" என்று நாலு தடவை கூடவே உட்கார்ந்து செய்யவைத்தேன். பரிசோதனைத் தாளில் இடது காது கொஞ்சம் தேவலை என்று இருந்தது. அந்தக் காதுக் குவளையைச் சற்றுப் பின்னால் தள்ளி மாட்டச் சொன்னேன். டிவி வலது காதில் கேட்கும், அம்மா கூப்பிடுவது இடது காதில் விழும்.

தை மாதம் தியாகராஜ ஆராதனையின்போது பஞ்சரத்ன கீர்த்தனை நேரடி ஒளிபரப்பு. கூட்டத்தில் நிற்க முடியாது என்று இரண்டு வருடமாக அவர் திருவையாற்றுக்குப் போகவில்லை. அன்றைக்குக் காலையில் நான் போய்ச் சேர்ந்தபோது டிவி வால்யூம் 12-இல் இருந்தது. அப்பா ஹெட்செட்டோடு தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும் தானே எழுந்துபோய் அதை ஸ்டாண்டில் வைத்து, பச்சை வெளிச்சம் சிவப்பாகிறதா என்று குனிந்து பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.